முன்பணமா, பிறகு தருவதா, நிறுவன அட்டையா: ஒரே பயணத்தை மூன்று வழியில் கணக்கு முடித்துப் பார்த்தால்

வேலை நிமித்தமாக ஊழியர்களை வெளியூர் அனுப்பும் நிறுவனம், அவர்களுடைய பயணச் செலவுக்கான பணத்தை எப்போது, யார் கையிலிருந்து கொடுப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். வழிகள் மூன்று. புறப்படும் முன்பே ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் பில்களை வாங்கிக் கணக்கு முடிப்பது முதல் வழி. இதுவே பயண முன்பணம். ஊழியர் தம் சொந்தப் பணத்தில் செலவு செய்து, பில்களோடு கோரிக்கை தந்து, சரிபார்த்த பிறகு தொகையைப் பெற்றுக்கொள்வது இரண்டாவது. நிறுவனத்தின் பெயரில் வாங்கிய கடன் அட்டையை ஊழியரிடம் கொடுத்து, அட்டை நிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் செலுத்துவது மூன்றாவது.

இவற்றுள் எது சிக்கனமானது என்றே பெரும்பாலும் விவாதம் தொடங்குகிறது. விதிகள் சரியாகப் பின்பற்றப்பட்டால் மூன்று வழியிலும் நிறுவனம் இறுதியில் ஏற்கும் செலவு ஒரே தொகைதான் என்பதைக் கீழே வரும் கணக்கு காட்டும். சரிபார்ப்பவர் பில்லைக் கையில் எடுத்து, 'இது விதிக்குள் வராது' என்று சொல்லும் அந்த நேரத்தில் பணம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வழிக்கு வழி வேறுபாடு இருக்கிறது. பணம் இன்னும் நிறுவனத்திடம் இருந்தால் அவர் சொல் அங்கேயே நிறைவேறிவிடும். ஏற்கெனவே செலவாகிப் போயிருந்தால் அவருடைய வேலை வசூல் வேலையாக மாறிவிடும். உச்சவரம்புகளை எவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்தாலும் அவை செல்லுபடியாவதும் ஆகாததும் இந்த ஓர் இடத்தில்தான் முடிவாகிறது என்பதால், மூன்று வழிகளையும் இந்தக் கோணத்திலிருந்தே ஒப்பிடுகிறேன்.

பயணமும் விதிகளும்

இயந்திரப் பழுது நீக்கும் பொறியாளர் ஒருவர் ஐந்து நாள், நான்கு இரவுப் பயணமாக வாடிக்கையாளர் ஊருக்குப் போகிறார் என்று கொள்வோம். போக்குவரத்துச் சீட்டை நிறுவனமே எடுத்துவிட்டது. ஆகவே அது இந்தக் கணக்கில் வராது. நாணயத்தின் பெயரைச் சொல்லாமல் தொகைகளை வெறும் எண்ணாகவே எழுதுகிறேன்.

நிறுவனத்தின் விதிகள் இவை. அறை வாடகை ஓர் இரவுக்கு வரி நீங்கலாக 800 வரை ஏற்கப்படும். ஏற்கப்பட்ட வாடகைக்குரிய 10 சதவீத வரி தனியாகத் தரப்படும். உணவுக்கு ஒரு நாளைக்கு 150 வரை, பில்லுடன். உள்ளூர்ப் போக்குவரத்துக்கு உண்மைச் செலவு, ஆனால் 50-க்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேண்டும். சலவைச் செலவு ஏழு இரவுக்கு மேற்பட்ட பயணங்களுக்கு மட்டும்.

இந்த விதிகளின்படி மதிப்பிட்டால், வாடகை 3,200, வரி 320, உணவு 750, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு உத்தேசமாக 400, ஆக மொத்தம் 4,670.

நடந்தது வேறு. முதல் இரண்டு இரவுகள் வாடகை 780. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஏதோ ஒரு கண்காட்சி தொடங்கியதால் அடுத்த இரண்டு இரவுகளுக்கு விடுதி 900 வசூலித்தது. இரண்டாம் நாள் இரவு உணவை விடுதியிலேயே சாப்பிட்டு, 140-ஐ அறைக் கணக்கில் எழுதச் சொன்னார். அன்று பகலில் வெளியே 70 செலவாகியிருந்தது. மற்ற நான்கு நாள் உணவுச் செலவு முறையே 120, 130, 100, 90. சட்டை சலவைக்கு 60, அதுவும் அறைக் கணக்கில். உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 380. அதில் 260-க்கு ரசீது உண்டு, தலா 40 வீதம் மூன்று சிறு பயணங்களுக்கு இல்லை. விடுதி கொடுத்த இறுதிப் பில்லில் வாடகை 3,360, வரி 336, இரவு உணவு 140, சலவை 60 எல்லாம் சேர்ந்து 3,896 என்று இருந்தது.

விதிகளைப் பொருத்திப் பார்த்தால் கணக்கு இப்படி அமைகிறது:

| இனம் | செலவானது | ஏற்கத்தக்கது | விலக்கியது |
|---|---|---|---|
| அறை வாடகை | 3,360 | 3,160 | 200 |
| வாடகை மீதான வரி | 336 | 316 | 20 |
| உணவு | 650 | 590 | 60 |
| உள்ளூர்ப் போக்குவரத்து | 380 | 380 | 0 |
| சலவை | 60 | 0 | 60 |
| மொத்தம் | 4,786 | 4,446 | 340 |

இந்த அட்டவணையில் இரண்டு இடங்களில் சற்று நிற்க வேண்டும். வாடகை வரம்பை இரவு வாரியாகப் பார்த்ததால் 780 இருந்த இரவுகளுக்கு 780-ம், 900 இருந்த இரவுகளுக்கு 800-ம் ஏற்கப்பட்டு 3,160 ஆயிற்று. நான்கு இரவுகளையும் சேர்த்து 3,200 என்ற மொத்த வரம்போடு ஒப்பிட்டிருந்தால் 3,200 முழுவதும் ஏற்கப்பட்டிருக்கும். உணவிலும் அப்படியே: நாள் வாரியாகப் பார்த்தால் இரண்டாம் நாளின் 210-ல் 60 விலக்கப்படுகிறது, பயணம் முழுமைக்கும் 750 என்று பார்த்தால் 650-ம் வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. 'நாளொன்றுக்கு 150' என்று மட்டும் எழுதியுள்ள விதி இந்த இரண்டு பொருளையும் தாங்கும் என்பதால், சரிபார்ப்பவர் மாறினால் தொகையும் மாறும். விதியை எழுதும்போதே 'ஒரு நாளில் மிச்சமானதை மறுநாளுக்குக் கொண்டுபோகலாமா' என்பதற்கு விடை எழுதிவிட வேண்டும். வரம்பு வரியை உள்ளடக்கியதா என்பதையும் அதே இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கண்காட்சியால் வாடகை ஏறியதை மேலாளர் ஏற்று, வாடகை மிகை 200-க்கும் அதன் வரி 20-க்கும் விதிவிலக்கு ஒப்புதல் தந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஏற்கத்தக்க தொகை 4,666 ஆகிறது. உணவு மிகை 60-ம் சலவை 60-ம் ஆக 120 ஊழியருடைய சொந்தச் செலவு. எந்த வழியில் பணம் கொடுத்தாலும் கணக்கு வந்து நிற்க வேண்டிய இடம் இதுதான்.

சொந்தப் பணத்தில் செலவு செய்து பெறுதல்

இந்த வழியில் பொறியாளர் 4,786-ஐயும் தம் பையிலிருந்து போடுகிறார். சரிபார்ப்பு முடிந்ததும் 4,666 பெறுகிறார். விலக்கிய 120-ஐ யாரும் யாரிடமும் வசூலிக்க வேண்டியதில்லை, கொடுக்காமல் விட்டால் போதும். நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால் உச்சவரம்பு முழு வலிமையோடு நிற்பது இங்கேதான். பில்களைச் சீக்கிரம் கொண்டுவர வேண்டும் என்ற அக்கறை ஊழியருக்கே இருப்பதால் நினைவூட்டல் கடிதங்களும் தேவைப்படுவதில்லை.

ஆனால் பயணத்தின் முதல் நாளிலிருந்து எண்ணினால், ஐந்து நாள் பயணம், கோரிக்கை தர ஒரு வாரம், மேலாளர் ஒப்புதல், கணக்குப் பிரிவின் சரிபார்ப்பு, வாரத்துக்கு ஒரு முறை பணம் அனுப்பும் நாள் என்று எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஏறக்குறைய மூன்று வாரம் ஊழியர் நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார். சம்பளத்தோடு சேர்த்துத் தரும் நிறுவனங்களில் இது இன்னும் நீளும். சம்பளம் குறைவான ஊழியருக்கு 4,786 என்பது மாதச் சம்பளத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால்தான் இதன் பாரம் புரியும். இந்தப் பாரம் ஏட்டில் எங்கும் பதிவாவதில்லை. அது வேறு உருவத்தில் வெளிப்படும். பயணத்தைத் தட்டிக் கழிப்பது, மேலாளர் தம் பணத்தில் அறையை எடுத்துக்கொடுத்துத் தம் பெயரில் கோருவது, அதனால் தங்கியவர் ஒருவர், கோரியவர் மற்றொருவர் என்றாகி ஒப்புதல் முறையே குலைவது ஆகியவை அதன் அடையாளங்கள். மேலாளர் தம் கீழ் வேலை செய்பவரின் செலவைத் தாமே கோரும்போது அதற்கு ஒப்புதல் தருபவர் மேலாளருக்கு மேலே உள்ளவர். அவருக்கு அந்தப் பயணத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

நிறுவன அட்டை

உள்ளூர் ஓட்டுநர்கள் ரொக்கம் மட்டுமே வாங்கியதால் 380 பொறியாளர் கையிலிருந்து போனது. விடுதியின் 3,896-ம் வெளியே சாப்பிட்ட 510-ம் ஆக 4,406 அட்டையில் ஏறியது என்று கொள்வோம். அட்டை நிறுவனத்துக்கு நிறுவனம் 4,406 முழுவதையும் கட்டியாக வேண்டும், அதனுள் ஊழியரின் 120-ம் அடக்கம். அவருக்குத் தர வேண்டிய 380-ல் அந்த 120-ஐக் கழித்து 260 கொடுத்தால் மொத்தம் 4,666. இந்தப் பயணத்தில் ரொக்கச் செலவு ஒன்று இருந்ததால்தான் கழிக்க முடிந்தது. ரொக்கச் செலவே இல்லாதவரிடம் 120-ஐக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சம்பளத்தில் பிடிக்கலாம் என்றால், பல நாடுகளில் ஊழியரின் எழுத்துபூர்வ இசைவின்றிச் சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சட்டம் இடம் தராது. ஆகவே அட்டையைக் கொடுக்கும் நாளிலேயே அந்த இசைவைக் கையெழுத்தாக வாங்கி வைப்பது வழக்கம்.

பணப் பிரச்சினையை விடப் பெரியது பில் பிரச்சினை. ஊழியருக்கு வர வேண்டிய பணம் எதுவும் இல்லாததால் பில்லைக் கொண்டுவரும் அவசரமும் அவருக்கு இல்லை. அட்டை அறிக்கையில் விடுதிப் பெயரும் 3,896 என்ற ஒற்றைத் தொகையும் மட்டுமே இருக்கும். அதற்குள் சலவையும் இரவு உணவும் ஒளிந்திருப்பது தெரியாது. இறுதிப் பில் வராத நிலையில், மாத முடிவு நெருங்குகிறதே என்று கணக்குப் பிரிவு அந்த 3,896-ஐ அப்படியே 'தங்கும் செலவு' என்று எழுதிவிட்டால், வரம்புச் சோதனை நடந்தது போலவே இருக்கும், உண்மையில் நடந்திருக்காது. இந்தக் குறைக்கு நான் அறிந்த ஒரே பயனுள்ள மருந்து, குறிப்பிட்ட நாட்களுக்குள் பில் சேராவிட்டால் அட்டையை நிறுத்தி வைப்பது. அதையும் மேல்நிலை அலுவலர் முதற்கொண்டு அமல்படுத்த வேண்டும், ஏனெனில் தாமதமாகும் பில்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

அட்டையின் நன்மை, அடிக்கடி பயணம் செய்பவருக்குப் பணச் சுமை இல்லை என்பதும், செலவின் நாளும் இடமும் தொகையும் மூன்றாம் ஒருவரின் பதிவிலிருந்து கிடைப்பதும்தான். கற்பனைச் செலவை அட்டையில் உருவாக்குவது எளிதன்று. ஆனால் அட்டையில் கட்டிய அதே விடுதிப் பில்லை ரொக்கத்தில் கட்டியதாகச் சொல்லி இன்னொரு முறை கோருவது நடக்கிறது, பல நேரம் தெரியாமலே. விடுதிப் பில்லின் அடியில் செலுத்திய முறையும் அட்டையின் கடைசி நான்கு எண்களும் அச்சாகியிருக்கும். அந்த எண்கள் நிறுவன அட்டையுடையவையா என்று பார்ப்பது சில நொடி வேலை.

முன்பணம்: தொகையில் இருக்கும் சூட்சுமம்

மூன்று வழிகளில் மிக அதிகமாகக் குறை கூறப்படுவது முன்பணம். நிலுவை தேங்கும், மீதம் திரும்பாது, கணக்கு முடியாது என்பவை அந்தக் குறைகள். இவை உண்மையே. ஆனால் இவற்றில் பெரும்பகுதி முன்பணம் என்ற முறையால் விளைவதில்லை, அதன் அளவைத் தவறாக வகுப்பதால் விளைகிறது என்பது என் கருத்து.

மதிப்பீடான 4,670-ஐ முழுவதுமாகக் கொடுத்தோம் என்று கொள்வோம். மேலாளர் விதிவிலக்கு தந்தால் ஏற்கத்தக்கது 4,666. பொறியாளர் 4 திருப்பிக் கட்ட வேண்டும். விதிவிலக்கு தராவிட்டால் ஏற்கத்தக்கது 4,446. அவர் 224 கட்ட வேண்டும். இரண்டிலும் கணக்கு முடிந்தால் ஊழியருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, இழப்புதான். எனவே அவர் கோரிக்கையைத் தள்ளிப் போடுவார். கணக்குப் பிரிவு கேட்டால் பில் ஒன்று வர வேண்டியிருக்கிறது என்பார். விதிவிலக்கு தர வேண்டிய மேலாளருக்கும், ஏற்கெனவே செலவழிந்த பணத்தை மறுத்து ஊழியரிடமிருந்து பிடுங்குவதா என்ற தயக்கம் வரும்; ஏற்கத் தகாததற்கும் ஒப்புதல் தந்துவிடுவார்.

இப்போது மதிப்பீட்டில் 80 சதவீதத்தை, அதாவது 3,736-ஐ முழுமையாக்கி 3,700 கொடுத்தோம் என்று கொள்வோம். விதிவிலக்கோடு 966, விதிவிலக்கின்றி 746 ஊழியருக்கு வர வேண்டும். இரண்டிலும் கடைசிப் பணம் நிறுவனத்திலிருந்து ஊழியரை நோக்கியே போகிறது. விலக்கிய தொகையைப் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. பில்லோடு ஓடி வர ஊழியருக்குக் காரணமும் இருக்கிறது. செலவில் பெரும்பங்கு நிறுவனப் பணமாக இருப்பதால் அவருடைய சொந்தச் சுமை ஏறத்தாழ ஆயிரத்தோடு நிற்கிறது. 80 என்ற எண்ணில் புனிதம் எதுவும் இல்லை. நடப்புப் பயணங்களில் ஏற்கப்பட்ட தொகை மதிப்பீட்டில் எத்தனை சதவீதமாக வருகிறது என்று பழைய கோரிக்கைகளிலிருந்து பார்த்து, அதில் மிகக் குறைந்த அளவுகளுக்குச் சற்றுக் கீழே முன்பணத்தை வைத்தால் போதும்.

பயணம் பாதியில் முடிந்தால் இந்தப் பாதுகாப்பு பலிக்காது. இதே பொறியாளர் இரண்டு இரவோடு திரும்பியிருந்தால் வாடகையும் வரியும் 1,716, மூன்று நாள் உணவு வரம்புக்குட்பட்டு 400, போக்குவரத்து 230 என்று 2,346 தான் ஏற்கத்தக்கது. 1,354 அவர் கையில் நிற்கும். இத்தகைய மீதத்தைப் பில் சரிபார்ப்பு முடியும் வரை வைத்திருக்க விடக் கூடாது. தமக்கே தெரிந்த மீதத்தைத் திரும்பிய மறு வேலைநாளில் கட்டிவிட்டு, பில்களைப் பின்னர் தரலாம் என்று விதி இருக்க வேண்டும். நீண்ட பயணங்களுக்கு மொத்தமாகக் கொடுக்காமல் வாரந்தோறும் பகுதி பகுதியாகக் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

முன்பணத்தைப் பேரேட்டில் எங்கே வைப்பது என்பதிலும் ஒரு பொறி உண்டு. கொடுக்கும் நாளில் அது செலவு ஆகாது. ஊழியரிடமிருந்து வர வேண்டிய தொகையாக அவர் பெயரில் நிற்கும். கணக்கு முடிக்கும்போது 4,666 செலவில் பற்று, முன்பணக் கணக்கில் 3,700 வரவு, ஊழியருக்குத் தர வேண்டியதில் 966 வரவு. முன்பணம் ஒரு பதிவேட்டிலும் கோரிக்கை வேறொரு பதிவேட்டிலும் இருந்து, கோரிக்கைப் படிவத்தில் முன்பண எண்ணைக் கேட்கும் கட்டமே இல்லாத நிறுவனங்களில், 4,666 முழுவதையும் கொடுத்துவிட்டு 3,700-ஐக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். செலவு சரியாக இருப்பதால் இதை எந்த வரம்புச் சோதனையும் பிடிக்காது. ஊழியர் பெயரில் நிற்கும் நிலுவைப் பட்டியலை வயது வாரியாக, பயணம் முடிந்த நாளிலிருந்து 30 நாள், 60 நாள் என்று பிரித்துப் பார்த்தால், கோரிக்கை தீர்ந்த பயணத்தின் முன்பணம் அப்படியே நிற்பது கண்ணில் படும். கொடுத்த நாளிலிருந்து எண்ணினால், இன்னும் ஊரில் இருப்பவரின் முன்பணமும் பழையது போலத் தோன்றி, பட்டியல் பயனற்றதாகிவிடும். ஆண்டு முடிவில் இதே பட்டியலுக்கு வேறொரு வேலையும் உண்டு: முடிந்துபோயும் கோரிக்கை வராத பயணத்தின் முன்பணம் நிலுவையாக நின்றால் அந்த ஆண்டின் செலவு அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கால வரம்பை எப்படி வைப்பது என்று யோசிப்பவர்களுக்கு அமெரிக்க வருமான வரித் துறையின் விதி நல்ல அளவுகோல். செலவுக்கு 30 நாளுக்குள் முன்பணம் தரப்பட்டு, செலவான 60 நாளுக்குள் கணக்கு காட்டப்பட்டு, மிகுதி 120 நாளுக்குள் திருப்பப்பட்டால் அது நியாயமான காலம் என்று அங்கே ஏற்கப்படுகிறது. மிகுதி நியாயமான காலத்துக்குள் திரும்பாவிட்டால் அந்தத் தொகை ஊழியரின் சம்பளமாகக் கருதப்பட்டு வரிக்குள் வரும். உள்நாட்டுப் பயணங்களுக்கு இந்தக் காலங்கள் மிகத் தாராளமானவை. திரும்பிய 7 நாளுக்குள் கோரிக்கை, முந்தைய முன்பணம் தீராமல் அடுத்தது இல்லை என்ற இரண்டு விதிகள் பெரும்பாலான நிறுவனங்களுக்குப் போதும். வாரந்தோறும் ஊர் மாறுபவருக்கு மட்டும் இரண்டாவது விதி பொருந்தாது. அவருக்கு ஒரு நிலையான தொகையை நிலை முன்பணமாகக் கொடுத்து, ஒவ்வொரு கோரிக்கையிலும் ஏற்கப்பட்ட அளவை மட்டும் மீண்டும் நிரப்பிவரலாம்.

பில் சரிபார்ப்பு: எல்லாவற்றையுமா, சிலவற்றையா

பணம் கொடுக்கும் வழியோடு சரிபார்ப்பு முறையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாப் பில்களையும் பணம் தரும் முன்பே பார்ப்பது ஒன்று; விதி மீறல் வெளிப்படையாகத் தெரியாத கோரிக்கைகளுக்கு உடனே பணம் கொடுத்துவிட்டு, பின்னர் ஒரு பகுதியை எடுத்து ஆராய்வது மற்றொன்று. இரண்டாவது முறை, ஊழியர் சொந்தப் பணத்தைப் போட்ட இடத்தில் நியாயமானது. அவருடைய காத்திருப்பைக் குறைக்கிறது. முன்பணத்திலும் அட்டையிலும் அவசரம் இல்லாததால் முழுச் சரிபார்ப்பையே வைத்துக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: சொந்தப் பணத்தைப் போட்டவரை வாரக்கணக்கில் நிறுத்திவைத்து ஒவ்வொரு ரசீதையும் ஆராய்கின்றன, அட்டைச் செலவை அறிக்கை வந்த அன்றே எழுதிவிடுகின்றன.

நம் பொறியாளரின் பில்களில் உண்மையில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு தாள். இரண்டாம் நாள் இரவு உணவுக்கு உணவகம் கொடுத்த 140-க்கான சீட்டும் அவரிடம் இருக்கிறது. அது இறுதிப் பில்லிலும் ஏறியிருக்கிறது. விடுதிச் செலவு 3,896 என்று ஒரே வரியாக எழுதி, உணவின் கீழ் 140-க்கான சீட்டைத் தனியாக இணைத்தால் அதே உணவுக்கு இரண்டு முறை பணம் போகும். அந்தச் சீட்டில் பணம் பெற்றதற்கான குறி இருக்காது, அறை எண்ணும் கையெழுத்தும்தான் இருக்கும். அதனால்தான் 'என்ன வாங்கியது' என்று காட்டும் பில்லையும் 'பணம் கட்டியது' என்று காட்டும் சான்றையும் சரிபார்ப்பவர் வேறு வேறாகப் பார்க்கப் பழக வேண்டும். முன்பதிவு உறுதிக் கடிதம் இவ்விரண்டில் எதுவும் ஆகாது. ரத்தான அறைக்கும் அது இருக்கும். அறையைக் காலி செய்யும்போது தரும் இறுதிப் பில் மட்டுமே ஏற்கத்தக்கது.

மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கமான ஏசிஎஃப்ஈ, செலவுக் கோரிக்கை மோசடிகளை நான்காகப் பிரிக்கிறது: சொந்தச் செலவை அலுவல் செலவாகக் காட்டுவது, தொகையை உயர்த்துவது, இல்லாத செலவை உருவாக்குவது, ஒரே செலவைப் பலமுறை பெறுவது. நான்காவதைப் பிடிக்கப் பில் எண்ணை நம்பக் கூடாது. ஒருவர் முன்னொட்டோடும் மற்றவர் அது இல்லாமலும் தட்டச்சு செய்திருப்பார். நாள், தொகை இரண்டையும் வைத்து, ஊழியர் யாராக இருந்தாலும் ஒத்துப்போகும் வரிகளைத் தேடுவதே பலன் தரும். இருவர் சேர்ந்து சாப்பிட்ட ஒரே பில்லை இருவரும் கோரியிருப்பது பெரும்பாலும் இப்படித்தான் வெளிவருகிறது.

ரசீது கேட்கத் தொடங்கும் வரம்பை எங்கே வைப்பது என்பதும் ஒரு தேர்வு. மேலே சொன்ன அமெரிக்க விதியில் தங்கும் செலவைத் தவிர மற்றவற்றில் 75 டாலருக்குக் குறைவானதற்கு ரசீது கட்டாயமில்லை; தங்கும் செலவுக்கு எவ்வளவு சிறியதானாலும் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வரம்பு 50. மூன்று 40-களை ரசீதின்றி ஏற்றோம், அது சரிதான். ஆனால் ஓர் ஊழியரின் பல மாதக் கோரிக்கைகளை அடுக்கிப் பார்க்கும்போது 45-க்கும் 50-க்கும் இடையில் மட்டும் வரிகள் குவிந்திருந்தால், ஒரே செலவு இரண்டாக உடைக்கப்படுகிறதா என்று கேட்க வேண்டும். இயல்பான செலவுகள் அந்தக் குறுகிய இடைவெளியைத் தேடிப் போய் உட்காருவதில்லை.

உணவுக்கு மட்டும் பில் கேட்பதை விட்டு, நாளொன்றுக்கு நிலையான தினப்படி கொடுப்பதையும் பரிசீலிக்கலாம். நாளுக்கு 130 என்றால் ஐந்து நாளுக்கு 650; பொறியாளர் செலவழித்ததும் அதே அளவுதான். கணக்குப் பிரிவுக்குப் பார்க்க வேண்டியது பயண நாட்களும், விருந்தாகவோ வாடகையோடு சேர்த்தோ இலவசமாகக் கிடைத்த வேளைகளும் மட்டுமே. சிக்கனமாக உண்பவருக்கு மிச்சம் தங்கும் என்று சில மேலாளர்கள் வருந்துகிறார்கள். பத்துச் சிறு பில்களைச் சரிபார்க்கும் நேரத்தின் விலையை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. வாடகைக்கு இந்த முறை கூடாது. தொகை பெரிது, ஊருக்கு ஊர் மாறுவது, சுமாரான இடத்தில் தங்கி மீதத்தைச் சேமிக்கும் ஆசை ஊழியரின் பாதுகாப்பையே பாதிக்கும்.

எவருக்கு எது

ஆண்டுக்கு ஓரிரு முறை, ஓரிரு நாள் பயணம் செய்பவருக்கும், தொகையைத் தாங்கக்கூடிய சம்பளம் உள்ளவருக்கும் சொந்தப் பணத்தில் செலவு செய்து பெறும் வழி போதும். அதை ஏற்கும் நிறுவனம் பத்து வேலைநாளுக்குள் பணம் தரும் கடமையையும் எழுத்தில் ஏற்க வேண்டும். மாதந்தோறும் பயணம் செய்பவருக்கு, செலவில் பெரும்பங்கு அட்டை ஏற்கும் இடங்களில் நடக்குமானால், அட்டை. பில் சேராத அட்டையை நிறுத்தும் துணிவு நிர்வாகத்துக்கு இருந்தால் மட்டும். இந்தப் பொறியாளரைப் போல இடையிடையே நீண்ட பயணம் போகும், கையிருப்பு குறைந்த ஊழியர்களுக்கு நான் முன்பணத்தையே பரிந்துரைப்பேன்.

அதிலும் விடுதிக்கான வாடகையையும் வரியையும் நிறுவனமே நேரடியாகக் கட்டிவிட்டால் முன்பணத்தின் அளவே சுருங்கிவிடும். மதிப்பீட்டில் 3,520 நீங்கி 1,150 மிஞ்சும். அதில் 80 சதவீதம் 920. சலவையையும் உணவையும் நிறுவனக் கணக்கில் ஏற்றக் கூடாது, தங்குபவரிடமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முன்பதிவின்போதே விடுதிக்கு எழுதிவிட்டால், அந்தச் சலவையின் 60 நிறுவனத்தின் பில்லில் வந்து சேராது. பயணம் பாதியில் முடிந்தாலும் திரும்ப வர வேண்டிய தொகை சிறிதாகவே இருக்கும்.

வழியை மாற்றத் தீர்மானித்த நிறுவனம், புதிய முறை தொடங்கும் நாளுக்கு முன்பே பழைய முன்பண நிலுவைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட வேண்டும். ஒவ்வோர் ஊழியரிடமும் அவர் பெயரில் நிற்கும் தொகையைக் காட்டிக் கையெழுத்து வாங்கி, பில் உள்ளவற்றைச் செலவில் எழுதி, மீதத்தை வசூலிக்கத் தவணை குறிக்கலாம். வேலையை விட்டுப் போனவர்களின் பெயரில் நிற்பவற்றைத் தனிப் பட்டியலாக்கித் தள்ளுபடிக்கு நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டும். இனி வேலையை விடுவோரின் இறுதிக் கணக்குப் படிவத்தில் முன்பண நிலுவை என்ற வரியையும், திருப்பித் தந்த அட்டை என்ற வரியையும் சேர்த்து, இரண்டிலும் கணக்குப் பிரிவின் கையெழுத்து விழுந்த பிறகே கடைசித் தொகை போக வேண்டும்.